நடப்பு வருவாயும் முதிர்வு வருவாயும்

வரிவிலக்குக் கடன் பத்திரங்களைப் பற்றி வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று அடிக்கடி நம்மிடம் வருகிறது. “பங்குச் சந்தையில் 8.75 சதவீத வட்டி தரும் பத்திரம் 1,150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 1,150 ரூபாய்க்கு 87.50 ரூபாய் வட்டி என்றால் 7.6 சதவீதத்துக்கு மேல் வருகிறதே, அதுவும் வரியில்லாமல். வங்கியின் குறித்தகால வைப்பைவிட இது மேலானது அல்லவா?” கணக்கில் பிழை இல்லை. ஆனால் கணக்கு எந்தக் கேள்விக்கு விடையளிக்கிறதோ, அந்தக் கேள்வி வேறு. முதலீட்டாளர் அறிய விரும்பும் கேள்வி வேறு. இந்த இடைவெளியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இந்திய ரயில்வே நிதிக் கழகம், ஹட்கோ போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் 2011-12 நிதியாண்டு தொடங்கி 2015-16 வரை வரிவிலக்குப் பத்திரங்களைப் பொதுமக்களுக்கு வெளியிட்டன. பெரும்பாலும் 1,000 ரூபாய் முக மதிப்பு. 10, 15, 20 ஆண்டு தவணை. ஆண்டுக்கு ஒருமுறை வட்டி. அந்த வட்டிக்கு வருமான வரி கிடையாது. அதன் பின்னர் புதிய வெளியீடுகள் வரவில்லை. ஆகவே இன்று இவற்றை வாங்க விரும்புவோர், ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து பங்குச் சந்தை வழியாகத்தான் வாங்க வேண்டும். அன்று நிலவிய உயர்ந்த வட்டி விகிதம் பத்திரத்தில் அப்படியே நிலைத்திருப்பதால், பொது வட்டி விகிதம் குறைந்த காலங்களில் விற்பவர் முக மதிப்புக்கு விற்கச் சம்மதிப்பதில்லை. 1,100, 1,150, சில சமயம் அதற்கும் மேல் கேட்பார். கொடுக்கத்தான் வேண்டும்.

மேலே சொன்ன கணக்குக்கு ‘கரன்ட் ஈல்டு’, அதாவது நடப்பு வருவாய் விகிதம் என்று பெயர். ஓராண்டு வட்டியை இன்றைய விலையால் வகுத்தால் அது கிடைத்துவிடும். 87.50 ரூபாயை 1,150 ரூபாயால் வகுக்க 7.61 சதவீதம். போட்ட பணத்துக்கு இந்த ஓராண்டில் எவ்வளவு ரொக்கம் கைக்கு வரும் என்பதை அது சொல்கிறது. அதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை. பத்திரம் முதிர்ச்சியடையும் நாளில் நிறுவனம் திருப்பித் தருவது 1,150 அன்று, 1,000 ரூபாய்தான் என்பது இந்தக் கணக்கின் பார்வைக்குள் வருவதே இல்லை.

‘ஈல்டு டு மெச்சூரிட்டி’ எனப்படும் முதிர்வு வருவாய் விகிதம் அந்தக் கடைசி நாளையும் சேர்த்துப் பார்க்கிறது. இன்று கொடுக்கும் விலை, இடையில் வரும் ஒவ்வொரு வட்டி, இறுதியில் திரும்பும் முக மதிப்பு, இவை வரும் நாள்கள் ஆகிய அனைத்தையும் ஒரே விகிதத்தில் பொருத்துகிறது. அந்த விகிதத்தில் வட்டி தரும் ஒரு வைப்பில் நீங்கள் 1,150 ரூபாய் போட்டிருந்தால், ஆண்டுதோறும் 87.50 எடுத்துக்கொண்டே வந்து, கடைசி நாளில் சரியாக 1,000 ரூபாய் எஞ்சியிருக்கும். அதுவே அதன் பொருள்.

நமது எடுத்துக்காட்டில் பத்திரம் முதிர இன்னும் சரியாக ஐந்து ஆண்டுகள் உள்ளன என்றும், இந்த ஆண்டின் வட்டி இப்போதுதான் வழங்கப்பட்டது என்றும் கொள்வோம். காகிதத்தில் துல்லியமாகக் கணக்கிடுவது சற்றுக் கடினம். எக்ஸெல் போன்ற கணக்குத்தாளில் ஒரு வரி போதும்.

```
=RATE(5, 87.5, -1150, 1000)
```

தவணைகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு தவணையின் வட்டி, கொடுத்த விலை, இறுதியில் திரும்பும் தொகை என்பது வரிசை. விலை கையிலிருந்து வெளியே செல்வதால் அதற்குக் கழித்தல் குறி. விடை 5.26 சதவீதம். நடப்பு வருவாய் காட்டிய 7.61 எங்கே, இது எங்கே! இரண்டுக்கும் இடையே 2.35 சதவீதப் புள்ளிகள் வேறுபாடு.

அந்த வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். முதல் ஆண்டில் 1,150 ரூபாய்க்கு 5.26 சதவீத வீதம் உண்மையான வருவாய் ஏறத்தாழ 60.50 ரூபாய். ஆனால் உங்களுக்கு வந்தது 87.50. எஞ்சிய 27 ரூபாய் வட்டியன்று. நீங்கள் அதிகமாகக் கொடுத்த 150 ரூபாயிலிருந்து ஒரு பகுதி வட்டியின் வேடத்தில் உங்களிடமே திரும்பி வருகிறது. இப்போது பத்திரத்தில் உள்ள உங்கள் முதல் 1,123 ரூபாயாகிவிட்டது. இரண்டாம் ஆண்டில் அதற்குரிய வருவாய் 59.10, முதலிலிருந்து திரும்புவது 28.40. இவ்வாறு ஒவ்வோர் ஆண்டும் வருவாய் சிறிது குறைய, திரும்பும் முதல் சிறிது கூடும். ஐந்தாம் ஆண்டில் 54.30 ரூபாய் வருவாய், 33.20 ரூபாய் முதல். கடைசி வட்டியை வாங்கும்போது உங்கள் முதல் சரியாக 1,000 ரூபாயில் நிற்கும். நிறுவனம் அதைத் திருப்பிக் கொடுக்கும்.

ஆகவே நடப்பு வருவாய், முக மதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்கிய பத்திரத்தில், உங்கள் சொந்தப் பணம் திரும்புவதையும் வருமானமாகக் கணக்கில் எழுதிவிடுகிறது. வந்த வட்டி முழுவதையும் குடும்பச் செலவுக்குப் பயன்படுத்துபவர், தம்மை அறியாமல் முதலையும் சேர்த்துச் செலவிடுகிறார். ஓய்வூதியத்துக்குத் துணையாக இத்தகைய பத்திரங்களை வாங்குவோர் இதை ஒருமுறை நின்று யோசிப்பது நல்லது. ஏனெனில் அவர்கள் பெரும்பாலும் வட்டியைச் செலவிட்டு, முதல் அப்படியே பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்று எண்ணுபவர்கள்.

தொகையைப் பெரிதாக்கிப் பார்ப்போம். ஓய்வுபெற்ற ஒருவரிடம் 11,50,000 ரூபாய் இருக்கிறது. அவருக்குரிய வருமான வரி ஏதுமில்லை. ஒரு பக்கம் அந்த விலையில் 1,000 பத்திரங்கள். மறுபக்கம் ஆண்டுதோறும் வட்டி வழங்கும் ஐந்தாண்டு குறித்தகால வைப்பு. அதன் வட்டி 6.75 சதவீதம் என்று உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். பத்திரம் ஆண்டுக்கு 87,500 ரூபாய் தரும். வைப்பு 77,625 ரூபாய் தரும். ஒவ்வோர் ஆண்டும் பத்திரம் 9,875 ரூபாய் கூடுதலாகத் தருவதால், நான்கு ஐந்து ஆண்டுகள் வரை அவர் தம் தேர்வு சரி என்றே நினைத்திருப்பார். ஐந்தாண்டில் சேர்ந்த கூடுதல் தொகை 49,375 ரூபாய். முதிர்வு நாளில் வைப்பு 11,50,000 ரூபாயைத் திருப்பித் தரும். பத்திரமோ 10,00,000 ரூபாயை மட்டுமே தரும். 1,50,000 குறைவு. கூடுதலாக வந்ததைக் கழித்தாலும் 1,00,625 ரூபாய் நிகரக் குறைவு. இதில் சூத்திரம் ஒன்றுமில்லை, கூட்டலும் கழித்தலுமே.

இதே பத்திரம் வேறொருவருக்கு நல்ல முதலீடாகவும் இருக்கலாம். 30 சதவீத வரி வரம்பில் உள்ளவர், கல்வி, சுகாதாரத் தீர்வையோடு சேர்த்து 31.2 சதவீதம் வரி கட்டுகிறார். வரியில்லாத 5.26 சதவீதத்துக்கு இணையாக வரிக்குட்பட்ட முதலீடு ஒன்று அவருக்கு ஏறத்தாழ 7.65 சதவீதம் தர வேண்டும். அந்த ஒப்பீட்டில் பத்திரம் வெல்லக்கூடும். ஆனால் அதே ஒப்பீட்டை நடப்பு வருவாயை வைத்துச் செய்தால் 11 சதவீதத்துக்கு இணை என்று விடை வரும். வரிவிலக்கு என்ற சொல்லும் நடப்பு வருவாயும் சேரும்போது பிழை இவ்வாறு பெருகுகிறது. அரசின் உத்தரவாதமோ உயர்ந்த தரமதிப்பீடோ உள்ள பத்திரம் 11 சதவீதத்துக்கு இணையாகத் தருகிறது என்று ஒரு கணக்கு காட்டினால், கணக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வட்டிக்கு வரி உள்ள சாதாரணப் பத்திரத்தை முக மதிப்புக்கு மேல் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். திரும்பிவரும் முதலும் வட்டி என்ற பெயரில் வருவதால் முழுத் தொகைக்கும் வரி. முதிர்வில் ஏற்படும் 150 ரூபாய்க் குறைவை அந்த வட்டியிலிருந்து கழித்துக்கொள்ள முடியாது.

வரிவிலக்குப் பத்திரங்களைச் சந்தையில் வாங்கும்போது நடப்பு வருவாயின் இரு எண்களுமே ஏமாற்றக்கூடும். முதலில் விலை. பங்குச் சந்தையின் ரொக்கப் பிரிவில் இப்பத்திரங்களின் விலை, கடைசியாக வட்டி வழங்கிய நாளிலிருந்து சேர்ந்துள்ள வட்டியையும் உள்ளடக்கியே குறிப்பிடப்படுகிறது. வட்டி வழங்கி பதினொரு மாதங்கள் ஆகியிருந்தால், 1,230 ரூபாய் என்று காணும் விலையில் ஏறத்தாழ 80 ரூபாய் சேர்ந்த வட்டி. பத்திரத்தின் விலை 1,150 மட்டுமே. வட்டிக்குரியவர் யார் என்று தீர்மானிக்கும் பதிவு நாள் கடந்ததும் விலை ஏறத்தாழ 87 ரூபாய் ஒரேயடியாகக் குறையும். பத்திரத்தின் தரத்திலோ சந்தை வட்டியிலோ எதுவும் மாறியிராது. ஆனால் விலையை மட்டும் பார்த்து வகுப்பவருக்கு நடப்பு வருவாய் திடீரென்று உயர்ந்ததாகத் தோன்றும். மலிவாகக் கிடைக்கிறது என்று அவசரப்படுவோரும் உண்டு. அரசுக் கடன் பத்திரங்களில் நடைமுறை வேறு. 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் தளத்தில் சேர்ந்த வட்டி நீங்கலான விலையே காட்டப்படும். சேர்ந்த வட்டி தனியாகக் கணக்கிடப்பட்டு, செலுத்த வேண்டிய தொகையில் கூட்டப்படும்.

அடுத்தது வட்டி. சில வரிவிலக்கு வெளியீடுகளில் சிறு முதலீட்டாளர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் வட்டி உண்டு. ஆனால் அந்தக் கூடுதல் எல்லோருக்கும் தொடர்வதில்லை. சில வெளியீடுகளில் அது முதலில் ஒதுக்கீடு பெற்றவருக்கு மட்டுமே. சந்தையில் வாங்கியவருக்கு வட்டி குறைந்துவிடும். வேறு சிலவற்றில் பதிவு நாளன்று முக மதிப்பில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் வைத்திருக்கும் தனிநபருக்கே உயர்ந்த வட்டி. பத்திரத்தின் பெயரில் 8.75 என்று இருப்பதாலேயே உங்களுக்கும் 8.75 வரும் என்று கொள்ளலாகாது. வெளியீட்டு ஆவணத்தைப் பார்த்த பின்னரே 87.50 என்ற எண்ணைக் கணக்கில் இடுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் நடப்பு வருவாய் மிகைப்படுத்திக் காட்டும் நிலைகள். முக மதிப்புக்குக் குறைவான விலையில் அது நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். வட்டி விகிதங்கள் தாழ்ந்திருந்த 2020-இல் 5.77, 5.85 சதவீத வட்டியில் மத்திய அரசு பத்திரங்களை வெளியிட்டது. விகிதங்கள் உயர்ந்தபோது இத்தகைய பத்திரங்களின் விலை இறங்கும். இப்படி 6 சதவீத வட்டியும் நான்காண்டு மீதமும் உள்ள அரசுப் பத்திரம் ஒன்று, 100 ரூபாய் முக மதிப்புக்கு 94 ரூபாயில் கிடைப்பதாகக் கொள்வோம். நடப்பு வருவாய் 6.38 சதவீதம். அரையாண்டு வட்டி என்பதால் எட்டுத் தவணைகள். முதிர்வில் 6 ரூபாய் கூடுதலாகத் திரும்புகிறது. முதிர்வு வருவாய் 7.77 சதவீதம். நடப்பு வருவாயை மட்டும் பார்த்து ‘இது வேண்டாம்’ என்று ஒதுக்கியவர், உண்மையில் நல்லதொரு பத்திரத்தை விட்டுவிட்டார். மீதக் காலம் குறையக் குறைய இந்த இடைவெளி பெரிதாகும். அதே 6 ரூபாய் ஓராண்டுக்குள் திரும்பினால் வேறு. இருபது ஆண்டுகளில் திரும்பினால் வேறு. தவணை மிக நீண்டதாகவோ விலை முக மதிப்புக்குச் சமமாகவோ இருக்கும்போது இரு விகிதங்களும் ஏறத்தாழ ஒன்றாகும்.

வட்டியே இல்லாத பத்திரத்தில் நடப்பு வருவாய் பூஜ்யம். 91, 182, 364 நாள் கருவூல உண்டியல்கள் தள்ளுபடி விலையில் விற்கப்பட்டு முக மதிப்பில் திரும்புபவை. வருவாய் முழுவதும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. இங்கே நடப்பு வருவாய் தவறாக வழிகாட்டுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்குச் சொல்ல எதுவுமே இல்லை.

முதிர்வு வருவாய்க்கும் ஒரு நிபந்தனை உண்டு. அது அதன் பெயரிலேயே இருக்கிறது: முதிர்வு வரை. பத்திரம் அந்நாள் வரை உயிரோடிருக்க வேண்டும். 1993-இல் சர்தார் சரோவர் நர்மதா நிகம் 3,600 ரூபாய்க்கு வட்டியில்லாப் பத்திரங்களை வெளியிட்டது. 2014 ஜனவரியில் 1,11,000 ரூபாய் தருவது வாக்குறுதி. ஏறத்தாழ 20 ஆண்டுகள், ஆண்டுக்கு 18.7 சதவீத அளவிலான கூட்டு வருவாய். ஆனால் முன்கூட்டியே திருப்பிச் செலுத்தும் அதிகாரத்தை அளித்து 2008-இல் குஜராத் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 2009 ஜனவரியில் 50,000 ரூபாய் வீதம் கொடுத்துப் பத்திரங்கள் முடிக்கப்பட்டன. அதுவரையிலான காலத்துக்கு முதலீட்டாளருக்குக் கிடைத்த விகிதம் 19 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அவர்கள் இழந்தது மீதமிருந்த ஐந்தாண்டுகளை. 50,000 ரூபாய் 1,11,000 ரூபாயாக வளர்வது ஆண்டுக்கு 17.3 சதவீதம், திரும்பிவந்த பணத்தை அந்த விகிதத்தில் பாதுகாப்பாகப் போட இடம் எங்கும் இல்லை.

இது அரிதான நிகழ்வு. ஆயினும் வெளியிட்டவரே முன்கூட்டி மீட்கும் ‘கால் ஆப்ஷன்’ கொண்ட பத்திரங்கள் இன்றும் சந்தையில் உள்ளன. முக மதிப்புக்கு மேல் விலை கொடுத்து அத்தகைய பத்திரத்தை வாங்குபவர், முதிர்வு நாளுக்குப் பதிலாக மீட்பு நாளை வைத்தும் ஒருமுறை கணக்கிட வேண்டும். நமது 1,150 ரூபாய்ப் பத்திரத்தை இரண்டே ஆண்டுகளில் 1,000 ரூபாய்க்கு மீட்டுவிட முடியுமென்றால், இரண்டு வட்டிகளும் சேர்ந்து 175 ரூபாய். முதலில் இழப்பு 150. இரண்டாண்டு காத்திருந்ததற்கு எஞ்சுவது 25 ரூபாய். நடப்பு வருவாய் அப்போதும் 7.61 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

நடைமுறையில் யாரும் வட்டி வழங்கிய மறுநாளே பத்திரம் வாங்குவதில்லை. ஆகவே ஆண்டுக் கணக்கு முழு எண்ணாக அமையாது. அப்போது RATE பயன்படாது. கணக்குத்தாளின் ஒரு பத்தியில் நாள்களையும் அடுத்த பத்தியில் தொகைகளையும் எழுதுங்கள். முதல் வரியில் வாங்கும் நாள். அதற்கெதிரே தரகும் சேர்ந்த வட்டியும் உட்பட உங்கள் கணக்கிலிருந்து செல்லும் முழுத் தொகை, கழித்தல் குறியோடு. அடுத்தடுத்த வரிகளில் ஒவ்வொரு வட்டி நாளும், அன்று உங்களுக்கு உண்மையில் வரக்கூடிய வட்டியும். கடைசி வரியில் முதிர்வு நாளும், அன்றைய வட்டியோடு முக மதிப்பும். ஏழு வரிகள் இருந்தால் சூத்திரம் இவ்வாறு அமையும்.

```
=XIRR(B1:B7, A1:A7)
```

வரும் விடையை உங்கள் வரி வரம்புக்கேற்ப, அதே காலத்துக்கான வைப்பு வட்டியோடு ஒப்பிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: XIRR ஆண்டுக்கு ஒருமுறை கூட்டுவதாகக் கொண்டு விடை தருவது. அரசுப் பத்திரங்களுக்குச் சந்தையில் குறிப்பிடப்படும் முதிர்வு வருவாய் அரையாண்டுக் கணக்கிலானது. மேலே கண்ட 94 ரூபாய்ப் பத்திரத்துக்கு அரையாண்டுக் கணக்கில் 7.77 என்பது XIRR கணக்கில் ஏறத்தாழ 7.92 ஆக வரும். இரண்டும் ஒரே வருவாய்தான், அளவுகோல்தான் வேறு.